வாட்ஸ்அப்பிலிருந்து பதிவுத் தபால் வரை: ஒரு வெள்ளவத்தை வீட்டின் வாடகை நிலுவை

வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கீழே உரிமையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, எனக்கு உறவுமுறையில் அன்ரி. மேல்மாடியில் ஒரு இளம் குடும்பம். கணவனுக்குப் புறக்கோட்டையில் கைபேசி உதிரிப்பாக வியாபாரம். வாடகை மாதம் 85,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். மூன்று மாத வாடகை, அதாவது 255,000 ரூபா, அட்வான்சாக அன்ரியிடம் இருக்கிறது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு, தட்டச்சு செய்து, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வைத்தது. நொத்தாரிசு முன்னால் எழுதப்படவில்லை. இந்தக் கடைசி விஷயம் பிறகு முக்கியமாகும்.

ஜனவரி வாடகை 14ஆம் திகதி வந்தது. பெப்ரவரி வாடகை 22ஆம் திகதி. மார்ச்சில் 25ஆம் திகதி 50,000 மட்டும் வந்து 35,000 நின்றுவிட்டது. அந்த மூன்று மாதமும் அன்ரி கேட்காமல் இருக்கவில்லை. அவருடைய போனைப் பார்த்தால், “தம்பி, வாடகை ஞாபகம் இருக்கோ?” என்று ஒரு மெசேஜ். அதற்குத் தம்பி ஒரு கும்பிடு போட்டிருக்கிறார். பத்து நாள் மௌனம். பிறகு இரவு பதினொரு மணிக்கு அன்ரியின் ஒரு நீண்ட குரல்பதிவு, கோபமும் அழுகையும் கலந்து. அடுத்த நாள் அன்ரிக்கே வெட்கமாகி, “குறை நினைக்காதையுங்கோ தம்பி” என்று இன்னொன்று.

வாடகை கேட்பதில் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முதல் மெசேஜில் அன்பு மட்டும் இருக்கிறது, தொகையும் இல்லை, திகதியும் இல்லை. கடைசியில் கோபம் மட்டும் இருக்கிறது, அதிலும் தொகையும் திகதியும் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு யார் எவ்வளவு கேட்டார், மற்றவர் என்ன ஒப்புக்கொண்டார் என்று காட்ட எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. குரல்பதிவைத் தேடிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில் அன்ரி இந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். மெசேஜ்களை நான் எழுதுவது, அவர் தன் போனிலிருந்தே அனுப்புவது என்று முடிவு. திடீரென்று புது நம்பரிலிருந்து புது ஆள் கேட்டால் அதுவே ஒரு மிரட்டலாகப் படும். நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான். முதல் மெசேஜிலிருந்து கடைசிக் கடிதம் வரை மூன்று விஷயம் மாறக்கூடாது: எந்த மாத வாடகை, எவ்வளவு, எந்தத் திகதிக்குள். அவற்றைச் சுற்றியுள்ள பேச்சு மட்டும் படிப்படியாக மாறும். அப்படிச் செய்தால் மிகவும் சிநேகமாக எழுதிய மெசேஜும் கணக்குப் பதிவாக நிற்கும்.

முதல் மெசேஜ் ஏப்ரல் 3ஆம் திகதி காலை, வாடகை நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போனது.

> வணக்கம் தம்பி, எல்லாரும் சுகம்தானே? ஏப்ரல் வாடகை 85,000 வருகிற 5ஆம் திகதி. மார்ச்சில் 35,000 மிச்சம் இருக்கு. ரெண்டும் சேர்த்து 120,000. அதே கணக்குக்குப் போட்டுவிட்டு ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பிவிடுங்கோ. நன்றி.

இதைப் பிந்திய பிறகுதான் அனுப்பவேண்டும் என்று அன்ரி நினைத்தார். நாளுக்கு முன்னால் அனுப்பும் மெசேஜில் யாருக்கும் குற்றச்சாட்டு இல்லை, ஆகவே அதில் மார்ச் மிச்சத்தைச் சொல்வது சுலபம். பழைய நிலுவையை முதன்முதலாக எழுத்தில் வைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. “சரி அன்ரி” என்று தம்பி பதில் போட்டார். அந்த இரண்டு சொல்லும் 120,000 என்ற கணக்குக்குக் கிடைத்த ஒப்புதல்.

5ஆம் திகதி போனது, காசு வரவில்லை. 6ஆம் திகதி ஒன்றும் அனுப்பவில்லை. வேறு வங்கியிலிருந்து போட்டால் சில வேளை மறுநாள்தான் கணக்கில் தெரியும், அதற்கு ஒரு நாள் விடுவது நியாயம். 7ஆம் திகதி காலை பத்து மணிக்கு:

> தம்பி, வணக்கம். கணக்கைப் பார்த்தேன், 5ஆம் திகதிக்கு உரிய 120,000 இன்னும் வரவில்லை. போட்டிருந்தால் சிலிப்பை அனுப்புங்கோ, நான் வங்கியில் கேட்டுப் பார்க்கிறேன். போடவில்லை என்றால் இண்டைக்கு ஏலுமோ?

இதில் “போட்டிருந்தால்” என்ற வாசல் வேண்டுமென்றே திறந்து வைத்தது. உண்மையாகவே போட்டவர் அவமானப்படாமல் சிலிப்பைக் காட்டலாம். போடாதவருக்கும் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப ஒரு வழி. முதல் தடவை அந்த வழியைக் கொடுப்பதில் நட்டமில்லை.

பதில் மத்தியானம் வந்தது: “அன்ரி, வருசப் பிறப்பு முடிய போட்டுவிடுறன்.”

கொழும்பில் வாடகைக்கு விட்டவர்களுக்கு இந்தப் பதில் நன்றாகத் தெரியும். வருசப் பிறப்பு முடிய, கிழமை முடிய, செக் மாறின பிறகு. கேட்க வாக்குறுதி மாதிரி இருக்கும், ஆனால் அது தவறிவிட்டது என்று சொல்ல ஒரு நாள் அதில் இல்லை. 15ஆம் திகதியும் புத்தாண்டு முடிந்த நாள்தான், 30ஆம் திகதியும் அப்படித்தான். ஆகவே இரண்டாம் படியின் வேலை காசைக் கேட்பதைவிடத் திகதியைக் கேட்பது. 9ஆம் திகதி:

> சரி தம்பி, விளங்குது. புத்தாண்டுக்கு வங்கியும் பூட்டு. எந்தத் திகதி என்று மட்டும் சொல்லுங்கோ, நான் அதற்கேற்ற மாதிரி என்ர செலவைப் பார்க்கவேணும். 120,000மும் ஒரே தடவையில் ஏலாது என்றால் எவ்வளவு எந்தத் திகதி என்று சொல்லுங்கோ.

“17ஆம் திகதி கட்டாயம் போடுறன் அன்ரி” என்று பதில். இனி கதை அன்ரி வைத்த திகதியில் இல்லை, தம்பி தானே சொன்ன திகதியில் நிற்கிறது. 17ஆம் திகதி வரை அன்ரி ஒரு மெசேஜும் அனுப்பக்கூடாது என்று சொல்லிவைத்தேன். அவருக்கு அது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் படியில் ஏறி இறங்கும்போது இருவரும் தினமும் சந்திக்கிறார்கள். படியில் கண்டால் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேளுங்கள், வாடகையைப் பேசவேண்டாம் என்றேன். படியில் பேசியது எழுத்தில் இருக்காது. அதோடு மனைவி, பிள்ளை முன்னால் கேட்கப்பட்ட கடனை மனிதர்கள் மறப்பதில்லை, மன்னிப்பதும் இல்லை.

17ஆம் திகதி 60,000 வந்தது, குறிப்பு ஒன்றும் இல்லாமல். வாடகைக் கணக்குகள் அதிகம் குழம்புவது இப்படிப் பாதிக் காசு வரும் நாளில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காசு வந்த நிம்மதியில் அன்ரி “நன்றி தம்பி” என்று மட்டும் போடப் பார்த்தார். அப்படிப் போட்டால் மேல்மாடியில் ஏப்ரல் வாடகையில் கொஞ்சம் கட்டியாயிற்று என்று நினைப்பார்கள், கீழே மார்ச் தீர்ந்தது என்று நினைப்பார்கள், மே மாதத்தில் இருவர் கையிலும் வேறு வேறு கணக்கு இருக்கும். அன்றே போன மெசேஜ் இது:

> நன்றி தம்பி, 60,000 இண்டைக்குக் கிடைச்சது. இதில் 35,000 மார்ச் மிச்சத்துக்கு வைச்சிருக்கிறேன், மார்ச் முடிஞ்சுது. மற்ற 25,000 ஏப்ரலுக்கு. ஏப்ரலில் இன்னும் 60,000 இருக்கு. கணக்கு சரிதானே?

காசு கட்டுபவர் எந்த மாதத்துக்கு என்று எழுதிக் கட்டினால், அதை மாற்றி வேறு மாதத்துக்கு வைப்பது சரியில்லை, அவரிடம் கேட்டுத்தான் மாற்றவேண்டும். அவர் எழுதாமல் விட்டதால் பழைய நிலுவைக்கு முதலில் வைத்து, உடனே சொல்லி, சரிதானே என்று கேட்டாயிற்று. தம்பி பெருவிரலைக் காட்டினார். ஏப்ரல் 60,000 என்பதில் பிறகு ஒரு நாளும் தகராறு வரவில்லை.

மிச்சம் 60,000 எப்போது என்று அவர் சொல்லவில்லை. 20ஆம் திகதி அன்ரி போன் எடுத்தார், எடுபடவில்லை. 21ஆம் திகதியும் அப்படியே. 22ஆம் திகதி மூன்றாம் படி. இதில் “என்ர”, “ஏலுமோ” எல்லாம் போய் எழுத்துத் தமிழ் வருகிறது. சுகம் விசாரிப்பும் போகிறது. தம்பி என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தோம், ஏனென்றால் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறோம்.

> தம்பி, ஏப்ரல் வாடகையில் 60,000 ரூபா நிலுவையாக உள்ளது. 20ஆம், 21ஆம் திகதிகளில் போன் எடுத்தேன், பதில் இல்லை. இந்தத் தொகை 30ஆம் திகதிக்குள் கணக்குக்கு வரவேண்டும். முடியாவிட்டால் 25ஆம் திகதிக்குள் என்னோடு நேரில் பேசி ஒரு ஒழுங்கு செய்யுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் ஒப்பந்தத்தின்படி எழுத்தில் கடிதம் தருவேன்.

கடைசி வரி மிரட்டலா என்று அன்ரி கேட்டார். அடுத்ததாக உண்மையில் செய்யப்போவதை மட்டும் சொன்னால் அது தகவல். செய்யமாட்டாத ஒன்றைச் சொன்னால்தான் மிரட்டல், அதுவும் ஒரு தடவைக்குத்தான் வேலை செய்யும். இந்தக் கட்டத்தில் அன்ரிக்குச் சொல்ல ஆசையாக இருந்தவை வேறு: தண்ணீரைப் பூட்டுவேன், கரண்டை நிறுத்துவேன், இந்தக் குடும்பத்துக்குச் சிபாரிசு செய்த மாமனாரிடம் போவேன். முதல் இரண்டும் எழுத்தில் ஒரு தடவை போனாலே பிற்பாடு நீதிமன்றத்தில் வீட்டுக்காரருக்கு எதிராகத்தான் வாசிக்கப்படும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஆளைப் பலவந்தமாக வெளியேற்றினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் அவர் போய்த் திரும்பவும் உள்ளே வர வழியிருக்கிறது. காசு கட்டாதவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். மாமனார் விஷயம் சட்டத்தைவிட ஊர் சம்பந்தப்பட்டது. வெள்ளவத்தையில் ஒரு பெயர் கோவில் வாசலிலும் திருமண மண்டபத்திலும் சுற்றும். மூன்றாம் ஆளிடம் போன கடனை மேல்மாடிக்காரர் கட்டினாலும், பிறகு இருவரும் ஒரே படியில் ஏறி இறங்குவது கஷ்டம். பிந்தியதற்குத் தண்டக் காசு போடலாமா என்றும் அன்ரி கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை, இல்லாததை மெசேஜில் புதிதாக உண்டாக்க முடியாது.

24ஆம் திகதி பதில் வந்தது: “அன்ரி, அட்வான்சில கழிச்சுக்கொள்ளுங்கோ.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும், காசு அன்ரியிடம்தானே இருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் வைத்திருப்பது வீட்டைவிட்டுப் போகும் நாளில் உடைந்தவற்றுக்கும், கட்டாத கரண்ட், தண்ணீர் பில்லுக்கும், கடைசி மாதங்களுக்கும். இன்றைக்கு அதில் கழித்தால் நிலுவை மறைந்துவிடும், பிரச்சினை மறையாது. அடுத்த மாதமும் அதையே கேட்பார், மூன்று மாதத்தில் அன்ரி கையில் ஒன்றும் இருக்காது. பதில் சுருக்கமாகப் போனது: அட்வான்ஸ் வீடு ஒப்படைக்கும் நாளில் கணக்குப் பார்ப்பதற்கு என்று ஒப்பந்தத்தில் உள்ளது, அதில் வாடகையைக் கழிக்க முடியாது, 60,000 ரூபாவுக்கு 30ஆம் திகதி அப்படியே நிற்கிறது.

30ஆம் திகதி காசு வரவில்லை. மே 5ஆம் திகதி மே மாத வாடகையும் சேர்ந்து நிலுவை 145,000 ஆனது. 8ஆம் திகதி கடிதம் போனது. ஒரு பிரதி பதிவுத் தபாலில், இன்னொன்றின் படம் வாட்ஸ்அப்பில். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குத் தபாலில் அனுப்புவதா என்று அன்ரி தயங்கினார். தபால்கந்தோர் தரும் பற்றுச்சீட்டில் இலக்கமும் திகதியும் இருக்கும், கையில் கொடுத்தால் அது இருக்காது.

> திரு. ……… அவர்களுக்கு,
>
> மேற்படி முகவரியில் உள்ள மேல்மாடி வீட்டின் வாடகை நிலுவை தொடர்பானது.
>
> நமக்கிடையிலான ஒப்பந்தத்தின்படி மாத வாடகை 85,000 ரூபா, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் செலுத்தப்பட வேண்டும். இன்றைய திகதியில் ஏப்ரல் மாதத்துக்கு 60,000 ரூபாவும் மே மாதத்துக்கு 85,000 ரூபாவும் ஆக மொத்தம் 145,000 ரூபா நிலுவையாக உள்ளது. இது குறித்து ஏப்ரல் 7, 9, 22ஆம் திகதிகளில் உங்களுக்கு அறிவித்துள்ளேன். ஏப்ரல் 17ஆம் திகதி நீங்கள் செலுத்திய 60,000 ரூபா இக்கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது.
>
> மே 22ஆம் திகதிக்குள் நிலுவை முழுவதையும் செலுத்துமாறு, அல்லது அத்திகதிக்குள் என்னைச் சந்தித்து எழுத்து மூலமான ஓர் ஏற்பாட்டுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டத்தரணி ஊடாக மேல் நடவடிக்கை எடுக்க நேரிடும். இக்கடிதம் எனது சட்டபூர்வ உரிமைகளுக்குப் பங்கமின்றி அனுப்பப்படுகிறது.

“நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள்”, “எத்தனை தடவை சொன்னேன்” என்ற வரிகள் முதல் வரைவில் இருந்தன. அன்ரி சொல்லச் சொல்ல எழுதியவை, ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் எடுத்துவிட்டோம். ஏப்ரல் 7, 9, 22 என்ற திகதிகளே அதைச் சொல்கின்றன. அவர் கட்டிய 60,000 ரூபாவையும் கடிதத்தில் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. மற்றவருக்குச் சேரவேண்டிய கழிவைத் தானே எழுதியவரின் கணக்கை யாரும் இலகுவில் சந்தேகிக்க மாட்டார்கள்.

கடிதத்தில் இல்லாத ஒன்று, வீட்டைக் காலி செய்யுங்கள் என்ற வரி. அது வேண்டுமென்றே விட்டது. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வேறு வகையான ஆவணம், அதில் திகதி பிழைத்தால் வழக்கே விழுந்துவிடலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. அன்ரியின் ஒரு வருட ஒப்பந்தம் அப்படி எழுதப்படாததால், சட்டத்தரணி அதை மாதாந்த வாடகையாகவே பார்ப்பார். அப்படியென்றால் ஒரு முழுக் காலண்டர் மாத நோட்டீஸ், மாத முடிவில் முடியவேண்டும். 8ஆம் திகதியிலிருந்து அடுத்த 8ஆம் திகதி வரை என்று நாமே எழுதினால் அது செல்லாது. சில பழைய வீடுகள் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும், அங்கே விதி வேறு: முதல் தடவை நிலுவை என்றால் மூன்று மாத நோட்டீஸ், வழக்கு வைக்க முன்னால் நிலுவையைக் கொடுத்துவிட்டால் அந்தக் காரணத்தை வைத்து வெளியேற்றவும் முடியாது. வீடு எந்த வகை என்று தீர்மானிப்பது மெசேஜ் எழுதுபவரின் வேலை இல்லை. நோட்டீஸ் போன பிறகு வரும் காசை வாடகை என்று எழுதிப் பற்றுச்சீட்டு கொடுத்தால், நோட்டீசைக் கைவிட்டதாக மற்றப் பக்கம் வாதிட இடமிருக்கிறது. ஆகவே அந்தக் கட்டத்துக்குப் பிறகு அன்ரியின் போனிலிருந்து ஒரு வார்த்தையும் சட்டத்தரணியைக் கேட்காமல் போகக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம்.

அதற்குத் தேவை வரவில்லை. 12ஆம் திகதி மாலை தம்பி மனைவியோடு கீழே வந்தார். ஏன் பிந்துகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் கடைக்காரர்கள் அவருக்குக் கைக்காசு கொடுத்தார்கள், ஜனவரியிலிருந்து பின்திகதியிட்ட செக் கொடுக்கிறார்கள். அவை மாறுவது ஒவ்வொரு மாதமும் 18ஆம் திகதி வாக்கில். 5ஆம் திகதி அவர் கையில் காசு இருக்கவே முடியாது. வெட்கத்தில் அதைச் சொல்லாமல் மாதாமாதம் சமாளித்திருக்கிறார். அவர் கட்டிய திகதிகளை வரிசையாகப் பார்த்தால் 14, 22, 25, 17 என்று நடுமாத வாக்கிலோ அதற்குப் பிறகோதான் வந்திருக்கின்றன. பிந்துபவரின் திகதிகளை இப்படி எழுதிப் பார்ப்பது நல்லது. ஒரே வாக்கில் விழுந்தால் சம்பளமோ செக்கோ மாறும் நாள்தான் பிரச்சினை, சிதறிக் கிடந்து தொகையும் குறைந்துகொண்டு போனால் அந்த வாடகையே அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். இரண்டாவது வகைக்குத் திகதியை மாற்றிக் கொடுப்பதால் பலன் இருக்காது.

அன்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். மே, ஜூன், ஜூலை மாதங்களில் 20ஆம் திகதி 105,000 வீதம் கட்டுவது. அதில் 85,000 அந்த மாத வாடகை, 20,000 ஏப்ரல் நிலுவையின் பங்கு. மூன்று மாதத்தில் 60,000மும் தீரும். இது இந்த மூன்று மாதத்துக்கான விட்டுக்கொடுப்பு, ஒரு தடவை தவறினாலும் மிச்சம் முழுவதும் உடனே கட்டவேண்டும், மற்றபடி ஒப்பந்தம் அப்படியே என்று இரண்டு வரி சேர்த்தோம். மாலை அன்ரி அந்தத் தாளின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, “நன்றி தம்பி, இதுதான் பேசியது” என்று எழுதினார். கடிதத்தில் திரு. ஆனவர் மறுபடி தம்பி ஆனார். அன்ரி அதை யாரையும் கேட்காமல் செய்தார், எனக்கும் அது சரியாகவே பட்டது.

மேயும் ஜூனும் சொன்ன திகதியில் வந்தன. ஜூலை 22ஆம் திகதி 85,000 மட்டும் வந்தது. அன்றைக்கே ஏப்ரலில் எழுதிய அதே வடிவத்தில் மெசேஜ் போனது: 85,000 ஜூலை வாடகைக்கு வைத்திருக்கிறேன், ஏப்ரல் நிலுவையில் 20,000 இருக்கிறது, எந்தத் திகதி? தாளில் இருந்த மற்ற வரியைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை, இருவருக்கும் அது தெரியும். 25ஆம் திகதி 20,000 வந்தது. புது ஒப்பந்தத்தில் வாடகை நாளை 20ஆம் திகதி என்று மாற்றி, பாதிக் காசு வந்தால் பழைய நிலுவைக்கு முதலில் வைக்கப்படும் என்ற வரியையும் சேர்த்து, இந்தத் தடவை நொத்தாரிசு முன்னால் எழுதினார்கள். இப்போது அன்ரி அனுப்புவது 18ஆம் திகதி காலை போகும் ஒரு மெசேஜ் மட்டும், மாதத்தையும் 85,000 ரூபாவையும் 20ஆம் திகதியையும் சொல்லி.